கடந்த ஆண்டு சுழியம், இந்த ஆண்டு 14,400 ரிங்கிட்: வளர்ச்சி எத்தனை விழுக்காடு?

ஆலயம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கூட்டுறவுக் கழகம், இளைஞர் மன்றம் என்று எந்த அமைப்பின் ஆண்டுக் கணக்கறிக்கையைப் புரட்டினாலும் மூன்று நிரல்களைப் பார்க்கலாம். முதலில் கடந்த ஆண்டுத் தொகை, அடுத்து இந்த ஆண்டுத் தொகை, கடைசியில் வளர்ச்சி விழுக்காடு. உறுப்பினர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு நிரல்களையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூன்றாவதைத்தான் படிக்கிறார்கள். கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதை அது ஒரே எண்ணில் சொல்லிவிடுகிறது என்ற நம்பிக்கைதான் காரணம்.

ஆனால் கடந்த ஆண்டுத் தொகை சுழியமாக இருந்தாலோ, அந்தத் தொகையே கிடைக்காமல் போனாலோ அந்த மூன்றாவது நிரல் வேலை செய்யாது. கணினியில் எக்செல் பயன்படுத்துவோருக்கு அந்தக் கட்டத்தில் `#DIV/0!` என்று வந்து நிற்கும். அறிக்கையை அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில் ஒருவர் அதை அழித்துவிட்டு 100% என்று எழுதுவார். இன்னொருவர் 0% என்று எழுதுவார். வேறொருவர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். ஒரே கணக்குக்கு மூன்று விடைகள். இவற்றில் எது உண்மை என்பதைப் பொறுத்துத்தான் கூட்டத்தில் எடுக்கப்படும் முடிவுகள் இருக்கின்றன. சில நேரங்களில் பொருளாளரின் நற்பெயரும் அதைப் பொறுத்திருக்கிறது.

விழுக்காடு என்பது என்ன கேட்கிறது?

வளர்ச்சி விழுக்காடு கணக்கிடும் முறை எளிது. இந்த ஆண்டுத் தொகையிலிருந்து கடந்த ஆண்டுத் தொகையைக் கழிக்க வேண்டும். வரும் வித்தியாசத்தைக் கடந்த ஆண்டுத் தொகையால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். 18,000 ரிங்கிட் 27,000 ஆனால் வித்தியாசம் 9,000. அது 18,000இல் பாதி. ஆகவே வளர்ச்சி 50 விழுக்காடு.

இந்தக் கணக்கு உண்மையில் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. கூடிய தொகை, முன்பு இருந்த தொகையில் எத்தனை பங்கு? முன்பு இருந்த தொகைதான் அளவுகோல். அந்த அளவுகோலே சுழியமாக இருந்தால் அளக்க ஒன்றுமில்லை. சுழியத்தை எத்தனை முறை அடுக்கினால் 14,400 வரும் என்று கேட்பதும் இதுவும் ஒன்றுதான். நூறு முறை அடுக்கினாலும் சுழியம், கோடி முறை அடுக்கினாலும் சுழியம். விடை பெரியது என்பதல்ல, விடையே கிடையாது.

இதைச் சிறிய எண்களில் பார்த்தால் தெளிவாகும். இந்த ஆண்டு வரவு 14,400 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளலாம். கடந்த ஆண்டு 1,000 ரிங்கிட் வந்திருந்தால் வளர்ச்சி 1,340 விழுக்காடு. கடந்த ஆண்டு 100 ரிங்கிட் என்றால் 14,300 விழுக்காடு. 10 ரிங்கிட் என்றால் 143,900 விழுக்காடு. வெறும் ஒரு ரிங்கிட் என்றால் 1,439,900 விழுக்காடு. இந்த ஆண்டு வரவு ஒரு காசுகூட மாறவில்லை. ஆனால் கடந்த ஆண்டுத் தொகை சுழியத்தை நெருங்க நெருங்க விழுக்காடு எங்கேயும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. சுழியத்தைத் தொடும்போது அது எந்த எண்ணிலும் வந்து நிற்பதில்லை.

ஓர் ஆலயத்தின் கணக்கு

விளக்கத்துக்காக ஒரு சிற்றூர் ஆலயத்தின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக அமைக்கப்பட்டவை. சூழல் எல்லாருக்கும் தெரிந்தது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. 2021இலும் பல மாதங்கள் கட்டுப்பாடுகள் நீடித்தன. இந்த ஆலயத்தின் மண்டபம் 2021இல் ஒரு நாள்கூட வாடகைக்குப் போகவில்லை. 2022இல் மறுபடி திருமணங்களும் பிறந்தநாள் விருந்துகளும் நடந்தன. அந்த ஆண்டு உண்டியலுக்குப் பக்கத்தில் கியூஆர் குறியீடு ஒட்டப்பட்டு, கைப்பேசி வழி நன்கொடையும் வரத் தொடங்கியது. இடையில் பொருளாளர் மாறியபோது 2021ஆம் ஆண்டு அன்னதான நன்கொடை ரசீதுப் புத்தகங்கள் எங்கேயோ தவறிப்போயின.

2022ஆம் ஆண்டு அறிக்கைக்கான வரவுக் கணக்கு இப்படி இருக்கிறது.

| வரவு | 2021 (ரிங்கிட்) | 2022 (ரிங்கிட்) |
|---|---|---|
| அர்ச்சனைச் சீட்டு | 18,000 | 27,000 |
| உண்டியல் | 24,000 | 30,000 |
| மண்டப வாடகை | 0 | 14,400 |
| கியூஆர் நன்கொடை | அப்போது இல்லை | 6,600 |
| அன்னதான நன்கொடை | கணக்கு கிடைக்கவில்லை | 9,000 |

முதல் இரண்டு வரிகளில் சிக்கல் இல்லை. அர்ச்சனைச் சீட்டு 50 விழுக்காடும் உண்டியல் 25 விழுக்காடும் கூடியிருக்கின்றன. மற்ற மூன்று வரிகளிலும் விழுக்காடு கணக்கிட முடியவில்லை. ஆனால் மூன்றிலும் காரணம் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மண்டப வாடகையின் சுழியம் உண்மையான சுழியம். மண்டபம் இருந்தது, வாடகைக்கு விட ஆள் இருந்தார், வரவு மட்டும் இல்லை. அது ஒரு தகவல். அந்தக் கட்டத்தில் 0 என்று எழுதுவதுதான் சரி.

கியூஆர் நன்கொடைக்கு 2021இல் சுழியம் என்று எழுதினால், வசதி இருந்தும் யாரும் பணம் போடவில்லை என்று பொருள்படும். உண்மை அதுவல்ல. அந்த வழியே அப்போது இல்லை. புதிதாகத் தொடங்கிய எதற்கும் கடந்த ஆண்டு என்று ஒன்று கிடையாது. அதற்கு வளர்ச்சி விழுக்காடு கேட்பது, இந்த ஆண்டு பிறந்த குழந்தை கடந்த ஆண்டைவிட எத்தனை அங்குலம் வளர்ந்திருக்கிறது என்று கேட்பதைப் போன்றது.

அன்னதான நன்கொடையின் கதை வேறு. 2021இல் பணம் வந்திருக்கிறது. எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. இங்கே 0 என்று போடுவது மூன்றிலும் ஆபத்தானது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "தலைவரே, நான் அந்த வருசம் ஐந்நூறு வெள்ளி கொடுத்தேனே, ரசீதுகூட இருக்கு. இங்க சுழியம்னு போட்டிருக்கீங்களே, அந்தக் காசு எங்க போச்சு?" என்று கேட்டால் செயலவையிடம் பதில் இருக்காது. தொலைந்தது ஒரு புத்தகம்தான். ஆனால் பணமே தொலைந்ததாக அச்சில் வந்துவிடுகிறது. 'கணக்கு கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் சங்கடமான கேள்விகள் வரலாம், திருட்டுப் பழி அவ்வளவு எளிதில் வராது.

கணினி எப்படிப் பார்க்கிறது?

மனிதர்களுக்கு மூன்று வகையாகத் தெரிவதைக் கணினி அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. B நிரலில் 2021, C நிரலில் 2022 என்று வைத்தால் வழக்கமான சூத்திரம் இதுதான்.

```
=(C2-B2)/B2
```

B2 கட்டத்தில் 0 இருந்தால் `#DIV/0!` வரும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் அதே `#DIV/0!` தான் வரும். கூட்டல் கழித்தல் கணக்குகளில் எக்செல் காலிக் கட்டத்தைச் சுழியமாகவே எடுத்துக்கொள்கிறது. கட்டத்தில் ஒரு சிறு கோடோ 'இல்லை' என்ற சொல்லோ இருந்தால், எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கிறது என்று `#VALUE!` வரும்.

இவை பார்க்க அசிங்கமாக இருந்தாலும் ஒரு நன்மை உண்டு. ஏதோ சரியில்லை என்று அவை வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. சத்தம் போடாமல் வரும் தவறு வேறொன்று இருக்கிறது. கடந்த ஆண்டுத் தொகை சரியாக இருந்து, இந்த ஆண்டுத் தொகை இன்னும் பதிவாகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். உண்டியல் 2021இல் 24,000. 2022க்கான கட்டம் காலி. சூத்திரம் அந்தக் காலியைச் சுழியமாக எடுத்துக்கொண்டு, 24,000 முழுவதும் போய்விட்டது என்று கணக்கிட்டு -100% என்று காட்டும். எச்சரிக்கை எதுவும் வராது. பார்ப்பதற்கு ஒழுங்கான ஓர் எண்ணாகத்தான் இருக்கும். ஒரு கணக்கறிக்கையில் -100% என்று கண்டால், வரவு உண்மையிலேயே நின்றுபோனதா, அல்லது எண்ணை இன்னும் எழுதவில்லையா என்று முதலில் கேட்க வேண்டும்.

குறுக்கு வழிகள் ஏன் பொய் சொல்கின்றன?

`#DIV/0!` வந்ததும் பலர் செய்வது, அந்த இடத்தில் 100% என்று எழுதுவது. ஒன்றுமே இல்லாமல் இருந்து முழுவதும் புதிதாக வந்ததால் நூறு விழுக்காடு என்பது அவர்களின் கணக்கு. ஆனால் 100 விழுக்காடு வளர்ச்சி என்றால் இரண்டு மடங்கு ஆனது என்று பொருள். 2022இல் மண்டப வாடகை 14,400 என்று தெரிந்த ஒருவர், பக்கத்தில் 100% என்று பார்த்தால், கடந்த ஆண்டு 7,200 வந்திருக்கிறது என்றுதான் எண்ணுவார். மண்டபம் பூட்டிக் கிடந்த ஓர் ஆண்டில் 7,200 ரிங்கிட் வாடகை வந்ததாக ஆகிவிடும். அது மட்டுமல்ல. 50 ரிங்கிட் வந்திருந்தாலும் 100%, 50,000 வந்திருந்தாலும் 100% என்றால் அந்த எண் எதையும் சொல்லவில்லை.

இரண்டாவது குறுக்கு வழி கணினி அறிந்தவர்களுடையது. `=IFERROR((C2-B2)/B2,0)` என்று எழுதினால் பிழை வரும் எல்லாக் கட்டங்களிலும் 0% வந்துவிடும். பக்கம் சுத்தமாகத் தெரியும். ஆனால் 0% என்றால் 'மாற்றமில்லை' என்று பொருள். ஓர் ஆண்டு முழுவதும் மூடிக் கிடந்து, பிறகு 14,400 ரிங்கிட் ஈட்டிய மண்டபத்தில் மாற்றமே இல்லை என்று அந்த அறிக்கை சொல்கிறது. கணக்கு தொலைந்த அன்னதான நன்கொடையிலும் அதே 0%. சிக்கல் தீரவில்லை, மறைக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, சுழியத்துக்குப் பதிலாக 1 என்று தட்டிவிடுவது. சூத்திரம் உடனே வேலை செய்யும். மண்டப வாடகை 1,439,900 விழுக்காடு வளர்ந்ததாகக் காட்டும். யாரும் நம்பப் போவதில்லை என்பது ஒருபுறம். நடக்காத ஒரு ரிங்கிட் வரவு கணக்கில் ஏறிவிட்டது என்பதுதான் பெரிய தவறு.

இந்தக் குறுக்கு வழிகள் அந்த ஒரு கட்டத்தோடு நிற்பதில்லை. ஐந்து வரிகளின் விழுக்காடுகளையும் கூட்டிச் சராசரி எடுக்கும் பழக்கம் சில அறிக்கைகளில் உண்டு. பிழை வந்த மூன்று கட்டங்களிலும் 0 போட்டால் சராசரி வளர்ச்சி 15 விழுக்காடு வரும். அதே மூன்றிலும் 100 போட்டால் 75 விழுக்காடு வரும். வரவு ஒன்றுதான், ஆலயம் ஒன்றுதான். பொருளாளர் எந்தக் குறுக்கு வழியை விரும்பினார் என்பது மட்டுமே மாறியிருக்கிறது. விழுக்காடுகளின் சராசரி எப்படியும் சரியான வழியல்ல. மொத்த வளர்ச்சி வேண்டுமானால் தொகைகளைக் கூட்டி, மொத்தத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும்.

மொத்தத் தொகைக்குள் ஒளிந்திருக்கும் ஓட்டை

மொத்தத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 2021 நிரலைக் கூட்டினால் 42,000 ரிங்கிட். 2022 நிரலைக் கூட்டினால் 87,000 ரிங்கிட். வித்தியாசம் 45,000. வளர்ச்சி 107 விழுக்காடு. இங்கே பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. "வரவு இரண்டு மடங்குக்கும் மேல்" என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடலாம் போலத் தோன்றும்.

ஆனால் 2022 மொத்தத்தில் அன்னதான நன்கொடை 9,000 இருக்கிறது. 2021 மொத்தத்தில் அது இல்லை. வராததால் அல்ல, தெரியாததால். கூட்டல் சூத்திரம் காலிக் கட்டத்தையும் எழுத்துகளையும் பேசாமல் தாண்டிப் போய்விடும். ஒரு பக்கம் ஐந்து கூடைகளையும் மறுபக்கம் நான்கு கூடைகளையும் தராசில் வைத்தது போன்ற கணக்கு இது. நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் அந்த வரியை இரண்டு ஆண்டுகளிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். அப்போது 42,000 எதிர் 78,000. வளர்ச்சி சுமார் 86 விழுக்காடு. 'அன்னதான நன்கொடை நீங்கலாக' என்ற குறிப்புடன் இந்த எண்ணை அச்சிடலாம்.

கியூஆர் நன்கொடையையும் இதேபோல் கவனிக்க வேண்டும். புதிய வழியில் வந்த பணம் எல்லாம் புதிய பணம் அல்ல. உண்டியலில் தாள் போட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் கைப்பேசிக்கு மாறியிருப்பார்கள். அதனால் உண்டியலையும் கியூஆரையும் ஒரே வரியாக, 'பக்தர் காணிக்கை' என்று சேர்த்துப் பார்ப்பது நல்லது. 2021இல் 24,000, 2022இல் 36,600. வளர்ச்சி 52.5 விழுக்காடு. கணக்கிட முடியாமல் நின்ற ஒரு வரிக்கு இப்போது பொருளுள்ள விடை கிடைத்துவிட்டது. புதிதாகத் தொடங்கிய ஒன்றுக்குக் கடந்த ஆண்டு கிடையாது. ஆனால் அது எதன் இடத்தைப் பிடித்ததோ அதற்குக் கடந்த ஆண்டு உண்டு.

எந்த ஆண்டோடு ஒப்பிடுவது?

86 விழுக்காடு என்பது கணக்குப்படி சரி. ஆனால் ஆலயத்தின் உண்மை நிலையை அது சொல்கிறதா என்பது வேறு கேள்வி. 2021 ஒரு வழக்கமான ஆண்டு அல்ல. பள்ளத்தின் அடியில் நின்று அளந்தால் சிறு மேடும் மலையாகத் தெரியும். சுழியத்தோடு ஒப்பிட முடியாதபோது, அதற்கு முந்தைய வழக்கமான ஆண்டைத் தேடிப் போவதுதான் உறுதியான வழி. இந்த ஆலயத்துக்கு அது 2019.

2019இல் அர்ச்சனைச் சீட்டு 30,000, உண்டியல் 36,000, மண்டப வாடகை 16,000, அன்னதான நன்கொடை 12,000. மொத்தம் 94,000 ரிங்கிட். இந்தக் கணக்கில் சுழியமும் இல்லை, தொலைந்த புத்தகமும் இல்லை. மண்டப வாடகை 16,000இலிருந்து 14,400 ஆகியிருக்கிறது. பத்து விழுக்காடு குறைவு. ஒரு நாள் வாடகை 800 ரிங்கிட் என்றால் 2019இல் 20 நிகழ்ச்சிகள், 2022இல் 18. அதாவது மண்டபம் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது, இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள் குறைவு. `#DIV/0!` என்று மிரட்டிய கேள்விக்கு உறுப்பினர்களுக்கு வேண்டிய பதில் இதுதான்.

மொத்த வரவு 94,000இலிருந்து 87,000. ஏழு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான குறைவு. முதலில் 107 விழுக்காடு வளர்ச்சி என்று காட்டிய அதே 87,000 ரிங்கிட்தான் இது. வரவு இரண்டு மடங்கானது என்று நம்பிக் கோபுரத் திருப்பணிக்குக் கடன் வாங்க முடிவு செய்யும் கூட்டமும், இன்னும் 2019ஐ எட்டவில்லை என்று தெரிந்து முடிவு செய்யும் கூட்டமும் ஒரே முடிவை எடுக்கப் போவதில்லை.

நாட்டின் பெரிய கணக்குகளிலும் இதே கதை நடந்திருக்கிறது. மலேசியாவுக்கு 2019இல் சுமார் 26.1 மில்லியன் சுற்றுப்பயணிகள் வந்தார்கள். எல்லை மூடப்பட்டிருந்த 2021இல் அந்த எண்ணிக்கை 134,728 மட்டுமே. 2022 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை திறக்கப்பட்டபின் அந்த ஆண்டில் சுமார் 10.07 மில்லியன் பேர் வந்தார்கள். 2021உடன் ஒப்பிட்டால் வளர்ச்சி 7,300 விழுக்காட்டுக்கும் அதிகம். 2019உடன் ஒப்பிட்டால் சுமார் 61 விழுக்காடு குறைவு. இரண்டும் சரியான கணக்குகள்தான். ஆனால் ஹோட்டல் வேலையை நம்பியிருந்தவருக்கு எது தன் நிலைமையைச் சொல்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. அளவுகோல் சுழியமாக இல்லாவிட்டாலும், சுழியத்துக்கு மிக அருகில் இருந்தால் விழுக்காடு நம்பத் தகுந்ததாக இருப்பதில்லை.

தோட்டத்து மாலை வகுப்பில் கடந்த ஆண்டு இரண்டு மாணவர்கள், இந்த ஆண்டு ஆறு மாணவர்கள் என்றாலும் அதுதான் நிலை. '200 விழுக்காடு வளர்ச்சி' என்பதைவிட 'இரண்டு பேர் ஆறு பேரானார்கள்' என்பதே தெளிவு.

கணக்கறிக்கையில் எப்படி எழுதுவது?

முதல் வேலை, எக்செல் தாளில் காலிக் கட்டங்களே இல்லாமல் செய்வது. உண்மையான சுழியத்துக்கு 0. அப்போது தொடங்காத ஒன்றுக்கு 'புதியது'. கிடைக்காத தொகைக்கு 'கணக்கு இல்லை'. பார்ப்பவருக்கு ஐயம் வராது. அதன்பின் வழக்கமான சூத்திரத்துக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம்.

```
=IF(COUNT(B2:C2)<2,"தகவல் இல்லை",IF(B2<=0,"ஒப்பிட இயலாது",(C2-B2)/B2))
```

இதில் `COUNT` இரண்டு கட்டங்களிலும் உண்மையான எண்கள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கிறது. 0 ஓர் எண்ணாகக் கணக்கில் சேரும்; காலிக் கட்டமும் எழுத்தும் சேராது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் 'தகவல் இல்லை' என்று எழுதிவிட்டு நின்றுவிடும். ஆகவே முன்பு சொன்ன, சத்தமில்லாமல் வரும் -100% இங்கே வராது. இரண்டும் எண்களாக இருந்து, கடந்த ஆண்டுத் தொகை சுழியமாக இருந்தால் 'ஒப்பிட இயலாது' என்று வரும். மற்ற நேரங்களில் வழக்கமான விழுக்காடு வரும்.

அடுத்த ஆண்டுக்கு நம்பிப் பயன்படுத்துவதற்கு முன், நான்கு வரிகளில் சோதித்துப் பார்க்க வேண்டும். 18,000, 27,000 என்று கொடுத்தால் 50% வர வேண்டும். 0, 14,400 கொடுத்தால் 'ஒப்பிட இயலாது' வர வேண்டும். முதல் கட்டத்தைக் காலியாக விட்டாலும் 'தகவல் இல்லை', இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டாலும் 'தகவல் இல்லை' வர வேண்டும். நான்கும் சரியாக வந்தால் சூத்திரத்தை மற்ற வரிகளுக்கு இழுத்துவிடலாம்.

சூத்திரத்தில் `B2<=0` என்று இருப்பதற்குக் காரணம் உண்டு. கூட்டுறவுக் கடை போன்றவற்றில் கடந்த ஆண்டு 2,000 ரிங்கிட் நட்டம், இந்த ஆண்டு 1,000 ரிங்கிட் இலாபம் என்று வரலாம். வழக்கமான சூத்திரம் இதற்கு -150% என்று காட்டும். நட்டத்திலிருந்து இலாபத்துக்கு வந்த கடை பாதாளத்துக்குப் போனதாகத் தெரியும். இங்கேயும் விழுக்காட்டை விட்டுவிட்டு, 'நட்டம் 2,000. இப்போது இலாபம் 1,000' என்று எழுதுவதுதான் சரி.

சூத்திரத்தால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றும் உண்டு. தொலைந்த கணக்குக்கு யாராவது கையால் 0 என்று தட்டிவிட்டால், அது உண்மையான சுழியமா, போலிச் சுழியமா என்று கணினிக்குத் தெரியாது. அதைத் தடுப்பது எழுதுபவரின் கையில்தான் இருக்கிறது.

தொலைந்த கணக்கை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதும் இல்லை. பணம் வங்கியில் கட்டப்பட்டிருந்தால் வங்கி அறிக்கையில் தடம் இருக்கும். நன்கொடையாளர்களிடம் ரசீது இருக்கும். முந்தைய கணக்காய்வாளரிடம் படி இருக்கக்கூடும். பாதி கிடைத்தாலும் பயன் உண்டு. அன்னதான ரசீதுகளில் 2021 ஜூலை முதல் டிசம்பர் வரையிலான புத்தகம் மட்டும் கிடைத்து, அதில் 3,200 ரிங்கிட் இருந்தால், 2022இன் அதே ஆறு மாதங்களோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த மாதங்களில் 4,800 வந்திருந்தால் வளர்ச்சி 50 விழுக்காடு, 'ஜூலை முதல் டிசம்பர் வரை மட்டும்' என்ற குறிப்புடன். அரையாண்டு 3,200ஐ முழு ஆண்டு 9,000உடன் ஒப்பிட்டால் 181 விழுக்காடு என்று வரும், அது தவறு.

இவ்வளவும் முடிந்தபின் இந்த ஆலயத்தின் அறிக்கையில் மண்டப வாடகை வரி இப்படி அமையும்: '2021: 0 (மண்டபம் மூடப்பட்டிருந்தது). 2022: 14,400. கூடுதல்: 14,400 ரிங்கிட். 2019உடன் ஒப்பிட்டால் 10% குறைவு.' விழுக்காடு கிடைக்காத இடத்தில் ரிங்கிட் வித்தியாசம் எப்போதும் கிடைக்கும். கழித்தலுக்குச் சுழியம் ஒரு தடையே அல்ல. வகுத்தலுக்கு மட்டும்தான் தடை.

அறிக்கையைக் கையில் வாங்கும் உறுப்பினர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சரியாக 100% என்றோ, 0% என்றோ, -100% என்றோ, நான்கைந்து இலக்கத்தில் ஒரு விழுக்காடோ கண்ணில் பட்டால், இடப்பக்கம் உள்ள கடந்த ஆண்டுத் தொகையை ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே சுழியமோ காலிக் கட்டமோ மிகச் சிறிய தொகையோ இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஐயா, இது வராத காசா, அப்போ இல்லாத வரவா, இல்ல தெரியாத கணக்கா?" மூன்றில் எது என்று பொருளாளர் சொல்லிவிட்டால், அந்த விழுக்காட்டை எவ்வளவு நம்புவது என்பதைக் கூட்டமே முடிவு செய்துகொள்ளலாம்.